அனுபவக் கட்டுரைக்கு முதல் பத்தி: பதினோராம் நம்பர் சைக்கிளை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: அப்பா நடத்திய வாடகை சைக்கிள் கடையைப் பற்றி 1200 சொற்களில் ஒரு அனுபவக் கட்டுரை எழுதியிருக்கிறேன். படித்த நண்பர்கள் எல்லோரும் "உள்ள போனா நல்லா இருக்கு, ஆரம்பம்தான் இழுக்குது" என்கிறார்கள். படிப்பவரை முதல் பத்தியிலேயே பிடித்து உட்கார வைப்பது எப்படி? சரியில்லாத தொடக்கம், நல்ல தொடக்கம் இரண்டையும் காட்டிச் சொன்னால் உதவியாக இருக்கும். வரைவை இணைத்திருக்கிறேன்.

பதில்:

வரைவை இரண்டு தடவை படித்தேன். உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான். நல்ல செய்தி என்னவென்றால், உங்களுக்கு வேண்டிய தொடக்கம் ஏற்கெனவே உங்கள் கட்டுரைக்குள் இருக்கிறது. ஆறாவது பத்தியில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இதழ் ஒன்றுக்கு வரும் அனுபவக் கட்டுரைகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. பாதிக் கட்டுரைகளுக்கு மேல் இதே கதைதான்: உண்மையான தொடக்கம் நடுவில் எங்கோ இருக்கும், அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் எழுதுகிறவர் தொண்டையைச் செருமிக்கொள்வது.

முதலில் இப்போதிருக்கும் முதல் பத்தியைப் பார்ப்போம்.

> மாற்றம் ஒன்றே மாறாதது என்பார்கள். காலச் சக்கரத்தின் வேகத்தில் எத்தனையோ தொழில்கள் காணாமல் போய்விட்டன. அவற்றுள் ஒன்று வாடகை சைக்கிள் கடை. இன்றைய தலைமுறைக்கு வாடகை சைக்கிள் என்றால் என்னவென்றே தெரியாது. இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் குடும்பத்தைத் தாங்கிய என் அப்பாவின் கடையும் 2004இல் மூடப்பட்டது. அந்த நினைவுகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இலக்கணப் பிழை இல்லை, நடையும் தெளிவு. ஆனால் ஒன்று செய்து பாருங்கள். "வாடகை சைக்கிள் கடை" என்று வரும் இடத்தில் "எஸ்.டி.டி. பூத்" என்று போடுங்கள். "டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்" என்று போடுங்கள். "வீடியோ கேசட் கடை" என்று போடுங்கள். ஒரு எழுத்துகூட உறுத்தாமல் பொருந்துகிறது. அப்படியானால் அந்தப் பத்தியில் உங்கள் அப்பா இல்லை, உங்கள் ஊர் இல்லை, நீங்களும் இல்லை. வேறு யாருடைய கட்டுரைக்கும் கழற்றி மாட்டக்கூடிய தொடக்கத்தைப் படிப்பவர் உடனே கண்டுகொள்வார். ஏற்கெனவே படித்தது போல அவருக்குத் தோன்றும், ஏனென்றால் நிஜமாகவே ஏற்கெனவே படித்திருப்பார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதில் ரகசியம் ஏதுமில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளிக்கூடத்தில் உட்தலைப்புப் போட்டு எழுதிய கைதான் நம் எல்லோருக்கும். தேர்வுத்தாள் திருத்துகிறவருக்கு முன்னுரை தேவை. தலைப்பு புரிந்து எழுதியிருக்கிறோமா என்று அங்கேதான் பார்ப்பார். அவர் கடைசி வரி வரை படித்தே ஆகவேண்டியவரும்கூட. உங்கள் கட்டுரையைப் படிப்பவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. குறளோடு தொடங்குவதும் இந்த வகைதான். அப்பாவைப் பற்றிய கட்டுரை என்றால் பத்தில் நாலு பேராவது "தந்தை மகற்காற்றும் நன்றி" என்று ஆரம்பிக்கிறார்கள். குறளின் மேல் குறை இல்லை. அது சொல்லும் தந்தை எல்லோருடைய தந்தை, நீங்கள் சொல்ல வந்தது பஞ்சர் ஒட்டிய ஒருவரைப் பற்றி.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடை மூடப்பட்டது என்ற முடிவை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டீர்கள். முடிவை முதலில் சொல்லக்கூடாது என்று ஒரு விதி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. முடிவைச் சொல்லிவிட்டு "ஏன், எப்படி?" என்ற கேள்வியை மிச்சம் வைத்தால் அதுவே நல்ல தொடக்கம். இங்கே "காலச் சக்கரத்தின் வேகத்தில்" என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள். கேட்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை.

அந்த மிச்சம்தான் விஷயமே. தொடக்கத்தில் ஒரு கேள்வி பிறக்க வேண்டும், ஆனால் அதை நீங்கள் கேட்கக்கூடாது. படிப்பவர் மனதுக்குள் தானாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் கட்டுரைக்குள் இருக்கவும் வேண்டும். இரண்டும் ஒருசேர அமைந்தால் பத்தி அழகாக இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது வரைவில் எங்கெல்லாம் அப்படிப்பட்ட இடம் இருக்கிறது என்று தேடினேன். வழி எளிது. ஒரு பென்சிலோடு உட்கார்ந்து, உங்களைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாத வாக்கியங்களை மட்டும் அடிக்கோடு போடுங்கள். எனக்குத் தட்டுப்பட்டவை மூன்று.

முதலாவது, மூன்றாம் பத்தியில் வரும் வாசனை. அதைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும்:

> உப்புத்தாளில் ட்யூபைத் தேய்க்கும்போது எழும் ரப்பர் வாசனையும், அதன்மேல் தடவிய சொல்யூஷன் காயும் வாசனையும் கலந்து கடை முழுக்க நிற்கும். தண்ணீர்ச் சட்டியில் ட்யூபை அமுக்கியதும் குமிழ் கிளம்பும் இடத்தில் அப்பா கட்டை விரலை வைப்பார்.

பழைய முதல் பத்தியைவிட இது எவ்வளவோ மேல். எஸ்.டி.டி. பூத்தை இதில் மாட்ட முடியாது. கட்டை விரல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் இது தொடக்கத்துக்குப் போதாது. படித்து முடித்ததும் "சரி, நன்றாக இருக்கிறது" என்று தோன்றுகிறதே தவிர, எந்தக் கேள்வியும் எழவில்லை. ஐம்புலன்களுக்கும் வேலை கொடுத்து ஆரம்பியுங்கள் என்று எழுத்துப் பட்டறைகளில் சொல்லித் தருவார்கள். பாதிதான் உண்மை. வாசனையும் ஓசையும் படிப்பவரை இடத்துக்குக் கூட்டிவரும், ஆனால் அங்கேயே நிற்க வைக்காது. வரைவில் இந்த இரண்டு வாக்கியங்களும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, அம்மா சொல்வதாக ஒன்பதாம் பத்தியில் வருவது. அதைத் தொடக்கமாக்கினால்:

> "வண்டிக்கு இவ்வளவுனு கேட்டா பரவாயில்ல. கிலோவுக்கு இவ்வளவுன்னுல்ல கேக்குறான்" என்றாள் அம்மா. காயலான் கடைக்காரர் தராசை இறக்கிக்கொண்டிருந்தார். அப்பா ஒவ்வொரு சைக்கிளாக பெல்லைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இது நல்ல தொடக்கம். பேச்சோடு ஆரம்பிக்கும் கட்டுரைகளில் பெரும்பாலும் வருவது "டேய், எந்திரிடா! மணி என்ன ஆகுது பாரு!" என்பதுதான். எந்த வீட்டிலும் எந்த அம்மாவும் சொல்லக்கூடியது. பேசுவது யார், எங்கே என்பதே மூன்றாவது வரியில்தான் தெரியும். உங்கள் அம்மாவின் வாக்கியம் அப்படி இல்லை. வண்டி என்று ஓடிக்கொண்டிருந்தது இரும்பு என்று எடைபோடப்படுகிறது. ஒரு கடையின் முடிவு அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. பெல்லை ஏன் கழற்றுகிறார் என்ற சின்னக் கேள்வியும் இருக்கிறது.

இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். எனக்குத் தயக்கம் ஏன் என்றால், இது கேட்கும் கேள்வி "கடை எப்படி இந்த நிலைக்கு வந்தது?" என்பது. உங்கள் கட்டுரை அதற்குச் சொல்லும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தவணையில் மொபெட் கிடைக்க ஆரம்பித்தது, மினிபஸ் வந்தது, வாடகைக்கு எடுக்க ஆள் இல்லை. தெரிந்த பதிலுக்கு இட்டுச்செல்லும் கேள்வி பாதி வழியில் தளர்ந்துபோகும்.

மூன்றாவது, ஆறாம் பத்தியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருப்பது:

> கடையில் மொத்தம் பதினான்கு சைக்கிள்கள். அதில் 11ஆம் நம்பர் ஒருநாள் போனது, திரும்பவில்லை. எடுத்துப்போனவர் யார் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டதில்லை. வாடகை நோட்டிலும் அந்த வரியை அடிக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

இதைத் தாண்டி நீங்கள் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டீர்கள். நான் போகவில்லை. தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? வாடகைக் கடை வைத்திருப்பவர் வாடகையையும் கேட்காமல் வண்டியையும் கேட்காமல் இருந்தால் அது எப்படிப்பட்ட மனிதர்? அதற்கான பதில் உங்கள் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்துப்போனவர் வேலை பார்த்த ஸ்பின்னிங் மில் மூடியிருந்தது, அவர் பஸ் காசு இல்லாமல் சைக்கிளிலேயே திருப்பூருக்கு வேலை தேடிப் போனார், அப்பா அதைத் தெரிந்தேதான் நோட்டில் எழுதிக் கொடுத்தார். இந்தப் பதில் யாருக்கும் முன்கூட்டித் தெரிந்ததில்லை. கடையின் கதையும் அப்பாவின் கதையும் சந்திக்கும் இடமும் இதுதான்.

ஆக எதை எழுதுவது என்பது முடிவாகிவிட்டது. எப்படி எழுதுவது என்பதில் இரண்டு இடத்தில் வழுக்கும், அந்த இரண்டையும் எழுதியே காட்டுகிறேன்.

ஒன்று, எல்லாத் தகவலையும் முதல் வாக்கியத்திலேயே ஏற்றிவிடுவது:

> என் அப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் நடத்தி 2004இல் மூடிய வாடகை சைக்கிள் கடையில் இருந்த பதினான்கு சைக்கிள்களில், பச்சை மட்கார்டு போட்ட பதினோராம் நம்பர் சைக்கிளை 1999இல் ஒருநாள் மாலை எடுத்துச்சென்ற மில் தொழிலாளி ஒருவர் அதைத் திருப்பித் தரவே இல்லை.

தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் மூடிய, இருந்த, போட்ட, எடுத்துச்சென்ற என்று பெயரெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம், மொழி இடம் கொடுக்கும். ஆனால் யார், என்ன செய்தார் என்று தெரியும்வரை படிப்பவர் அத்தனையையும் கையில் பிடித்துக்கொண்டே வரவேண்டும். கட்டுரையின் நடுவில் என்றால் பொறுத்துக்கொள்வார், அதற்குள் உங்களோடு பழகியிருப்பார். முதல் வாக்கியத்தில் அவ்வளவு பொறுமையை எதிர்பார்க்க முடியாது. முதல் வாக்கியத்தில் பெயரெச்சம் ஒன்றுக்கு மேல் வந்தால் அதை இரண்டாக உடைக்க முடியுமா என்று பாருங்கள். கூடவே, வினைக்கு முட்டிக்கொண்டு முன்னால் நிற்கும் சொல்லுக்குத்தான் அழுத்தம் விழும். "திருப்பித் தரவே இல்லை" என்று முடித்ததால் அழுத்தம் முழுக்க அந்தத் தொழிலாளியின் தவறு மேல் விழுகிறது. உங்கள் கட்டுரை அவரைக் குற்றம் சொல்லவில்லையே.

இரண்டாவது வழுக்கல் இதைவிட மோசமானது, ஏனென்றால் எழுதும்போது நன்றாக இருப்பது போலவே தோன்றும்:

> அந்த நோட்டைத் திறக்கும்போதெல்லாம் இன்றும் என் கை நடுங்குகிறது. அதில் இருக்கும் ஒரே ஒரு பெயர் எங்கள் குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது. யார் அவர்? அன்று மாலை நடந்தது என்ன?

வார இதழ்த் தொடர்கதைகளின் "தொடரும்" போட்ட இடத்தில் இதைப் பார்த்திருப்போம். இங்கே இரண்டு சிக்கல். ஒரு சைக்கிள் போனதால் உங்கள் குடும்பத்தின் தலையெழுத்து மாறவில்லை. இதை நம்பி உள்ளே வருகிறவர் கொலையையோ துரோகத்தையோ எதிர்பார்ப்பார். அவருக்குக் கடைசியில் கிடைப்பது ஒரு மனிதரின் பெருந்தன்மை. அது கொலையைவிட நல்ல விஷயம்தான், ஆனால் ஏமாந்த கோபத்தில் இருப்பவருக்கு அது தெரியாது.

அடுத்தது இன்னும் நுட்பமான விஷயம். சொல்லாமல் வைத்திருப்பது வேறு, ஒளித்துவைப்பது வேறு. "ஒரு பெயர்", "அன்று மாலை நடந்தது" என்று எழுதும்போது உங்களுக்குத் தெரிந்ததை வேண்டுமென்றே மறைக்கிறீர்கள் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் கவனம் அப்பாவை விட்டு உங்கள் வித்தை மேல் போய்விடுகிறது. நல்ல தொடக்கத்தில் உண்மைகள் எல்லாம் வெளிச்சத்தில் இருக்கும். அந்த உண்மைகளுக்கு நடுவில் ஏதோ ஒன்று இடிக்கும். அந்த இடிப்புதான் படிப்பவரை இழுக்க வேண்டும். கேள்விக்குறி போட்டு முடியும் முதல் பத்தி என் மேசைக்கு வந்தால், அந்தக் கேள்விகளை அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் மிச்சத்தில் ஒன்றும் இருக்காது.

இனி உங்கள் வரைவில் உள்ள தகவல்களை மட்டும் வைத்து நான் எழுதிப் பார்த்தது:

> எங்கள் கடையின் பதினோராம் நம்பர் சைக்கிள் இன்னும் வாடகையில்தான் இருக்கிறது. மணிக்கு இரண்டு ரூபாய். எடுத்த நேரம் மாலை 5.10 என்று நோட்டில் அப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது. விட்ட நேரம் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. கடையை மூடி, மிச்சமிருந்த பதின்மூன்று சைக்கிள்களையும் எடைக்குப் போட்ட அன்றுகூட அப்பா அந்த வரியை அடிக்கவில்லை. எடுத்துப்போனவரின் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு.

ஒவ்வொரு வாக்கியமாகப் போவோம், ஏனென்றால் வரிசைதான் இதில் பாதி வேலையைச் செய்கிறது.

முதல் வாக்கியத்தில் "இன்னும்" என்ற சொல்லும் "தான்" என்ற இடைச்சொல்லும் மட்டும்தான் கொஞ்சம் கனம். மற்றதெல்லாம் கடையில் புழங்கும் சாதாரணப் பேச்சு. ஆனால் வாக்கியம் முடியும்போது ஏதோ சரியில்லை என்று தோன்றிவிடும். "இன்னும்" என்றால் எவ்வளவு நாளாக? அதற்கு அடுத்து "மணிக்கு இரண்டு ரூபாய்" என்ற வெறும் தகவல். வாடகை சைக்கிள் என்றால் என்ன என்று தெரியாத இன்றைய தலைமுறைக்கு உங்கள் பழைய பத்தி சொல்ல நினைத்த விளக்கம் இந்த மூன்று சொல்லில் முடிந்துவிட்டது. மணிக்கணக்கில் எடுத்து ஓட்டுவது, நேரம் எழுதுவது, திருப்பி விடுவது எல்லாம் அவருக்கே புரிந்துவிடும். வேடிக்கையான கணக்கு ஒன்றும் அவர் மனதில் ஓட ஆரம்பித்திருக்கும்: இத்தனை வருஷத்துக்கு எவ்வளவு வாடகை சேர்ந்திருக்கும்? அதை நீங்கள் போட்டுக் காட்டக்கூடாது. காட்டினால் ஜோக் ஆகிவிடும்.

மூன்றாவது வாக்கியத்தில்தான் அந்த நோட்டை அருகில் கொண்டுபோய்க் காட்டுகிறோம். 5.10 என்ற நேரம் இங்கே முக்கியம். "ஒரு மாலை" என்றால் ஞாபகத்திலிருந்து எழுதியது போல இருக்கும், 5.10 என்றால் கண்ணெதிரே நோட்டு விரிந்திருக்கிறது. நோட்டில் வேறு நேரம் இருந்தால் அதைத்தான் எழுத வேண்டும், நினைவில்லை என்றால் நேரத்தையே விட்டுவிடுங்கள். அனுபவக் கட்டுரையில் துல்லியத்தை இட்டுக்கட்டினால் என்றாவது அப்பாவே படித்துவிட்டு "அது காலையிலடா" என்று சொல்வார்.

ஐந்தாவது வாக்கியத்தில் கடை மூடப்பட்ட செய்தி வருகிறது, ஆனால் செய்தியாக வரவில்லை. அப்பா அந்த வரியை அடிக்கவில்லை என்பதைச் சொல்லும் வழியில் அது தானாக வந்துவிட்டது. பழைய பத்தியில் அதற்கு ஒரு தனி வாக்கியம் செலவாகியது. அம்மா சொன்ன கிலோக்கணக்கும் "எடைக்குப் போட்ட" என்ற சொல்லில் மெல்ல எட்டிப் பார்க்கிறது. பிறகு அம்மா பேசும் இடம் வரும்போது படிப்பவர் அதற்குத் தயாராக இருப்பார்.

கடைசி வாக்கியம் இல்லாமல் இந்தப் பத்தியை நிறுத்திப் பாருங்கள். நல்ல பத்திதான், ஆனால் யாரோ ஒரு திருடன் சைக்கிளை எடுத்துப் போய்விட்டான், பாவம் அப்பா, என்று படிப்பவர் தீர்மானித்துவிடலாம். "அடுத்த தெரு" என்றதும் அந்தத் தீர்மானம் உடைகிறது. போய்க் கேட்டிருக்கலாம், நடந்தே போயிருக்கலாம், கேட்கவில்லை. ஏன்? அந்தக் கேள்வியை நான் எழுதவில்லை. எழுதவும் கூடாது.

என்னவெல்லாம் வெளியே நிற்கிறது என்றும் பாருங்கள். இருபத்திரண்டு ஆண்டு, 2004, மில், திருப்பூர், நீங்கள் அப்போது எந்த வகுப்பு, ஊர்ப்பெயர், எதுவும் இல்லை. முதல் பத்தி எல்லோரையும் அறிமுகப்படுத்த வேண்டிய கல்யாண வரவேற்பு இல்லை.

நீளம் பற்றிக் கேட்பீர்கள். 1200 சொற்களில் நூறு சொல் வரை தொடக்கத்துக்குக் கொடுக்கலாம். மேலே இருப்பது அதில் பாதிதான். கட்டுரை சிறியதாக இருந்தால் தொடக்கமும் சுருங்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்துக்கு மாணவர்கள் எழுதும் காமன் ஆப் கட்டுரைக்கு 650 சொற்கள்தான் உச்சவரம்பு. அதற்குள் எழுதுகிறவர் இரண்டு மூன்று வாக்கியத்தில் தொடக்கத்தை முடித்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும்.

இனி நான் பார்த்தவரை அதிகம் பேர் கோட்டை விடும் இடத்துக்கு வருகிறேன், அது இரண்டாம் பத்தி. முதல் பத்தியை அரும்பாடுபட்டு எழுதிவிட்டு, அடுத்த வரியில் "இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் எங்கள் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்" என்று எழுதுவார்கள். அல்லது "நினைவுகள் பின்னோக்கி ஓடின" என்று. வெளியே துரத்திய முன்னுரை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. படிப்பவருக்குத் தன்னை ஏமாற்றி உள்ளே அழைத்து வந்து பாடம் நடத்துகிறார்கள் என்று தோன்றும்.

முதல் பத்தியில் இருந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டே பின்னணிக்குள் நுழைந்தால் இந்த ஒட்டு தெரியாது. உங்களிடம் நோட்டு இருக்கிறது:

> அது நீளவாக்கில் திறக்கும் கணக்கு நோட்டு. பெயர், வண்டி நம்பர், எடுத்த நேரம், விட்ட நேரம் என்று நாலு கட்டம். 1982இல் இரண்டே சைக்கிளோடு அப்பா கடை போட்டபோது நோட்டு தேவைப்படவில்லை, எல்லாம் மனக்கணக்கு. நான் நாலாவது படிக்கும்போது வண்டிகள் பத்தைத் தாண்டின, நோட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. ஆள் பெயர் தெரியாவிட்டால் "தபால் ஆபீஸ் மாமா", "சோடாக்கடை தம்பி" என்று எழுதச் சொல்வார்.

வருஷம் வந்துவிட்டது, கடை வளர்ந்த கதை வந்துவிட்டது, உங்கள் வயதும் வந்துவிட்டது. நோட்டை விட்டு நகரவே இல்லை. இன்னொரு லாபமும் கிடைத்திருக்கிறது. நோட்டு எழுதுவது நீங்கள் என்றால், அந்த ஒரு வரி மட்டும் ஏன் அப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது? உங்கள் வரைவில் இரண்டு தகவலும் தனித்தனியாக எங்கெங்கோ கிடந்தன, நான் அருகருகே வைத்தேன், அவ்வளவுதான். அன்று நீங்கள் கடையில் இல்லையா, இல்லை அப்பா நோட்டை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாரா? உங்களுக்குத் தெரியும். தெரிந்தால் அதைக் கட்டுரையில் எழுதுங்கள். அவர் உங்களை எழுதவிடாமல் தானே எழுதினார் என்பது நடந்ததாக இருந்தால், கட்டுரையின் மிக நல்ல இடம் அதுவாகத்தான் இருக்கும்.

தொடக்கத்தை மாற்றினால் பின்னால் சில வேலைகள் இருக்கின்றன. ஆறாம் பத்தியில் பதினோராம் நம்பர் பற்றி இருப்பதை அப்படியே விட்டால் ஒரே செய்தி இரண்டு முறை வரும். அங்கே புதிய தகவல் மட்டும் நிற்கட்டும்: எடுத்துப்போனவர் யார், மில் எப்போது கதவடைத்தது, அவர் மனைவி கடைப்பக்கம் வந்தால் எதிர்ப்பக்கமாக நடந்துபோனது. திருப்பூர் விஷயத்தை அங்கே சொல்லாமல் இப்போது இருக்கும் கடைசிப் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள். நடுவில், மொபெட்டும் மினிபஸ்ஸும் வரும் நீண்ட பகுதியில், பதினோராம் நம்பரை ஒரே ஒரு தடவை நினைவூட்டினால் போதும். புது நோட்டு வாங்கியபோது அப்பா அந்த ஒரு வரியைப் பழைய நோட்டிலிருந்து பார்த்து எழுதினார் என்று வரைவில் ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதுவே அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் அப்போது முதல் பத்தியில் நான் சொன்ன நோட்டு பழையதா புதியதா என்று நீங்கள் தெளிவுபடுத்த வேண்டும். "அப்பாவின் கையெழுத்து" என்பதற்கு அதைப் பொறுத்து அர்த்தம் மாறும். பழைய நோட்டில் உங்கள் கையெழுத்து, புதிய நோட்டில் அவருடையது என்றால் நான் மேலே வியந்ததெல்லாம் விழுந்துவிடும். வீட்டில் நோட்டு இருந்தால் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சோதிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. கட்டுரையை இதுவரை படிக்காத ஒருவரிடம் முதல் பத்தியை மட்டும் கொடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இதைப் படிச்சதும் உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்னு தோணுது?" என்று கேளுங்கள். "அவர் ஏன் போய்க் கேக்கல?" என்று வந்தால் பத்தி வேலை செய்கிறது. "கடை எங்க இருந்துச்சு, எந்த ஊர்?" என்று வந்தால் இடம் தெரியாமல் தடுமாறுகிறார், ஒரு சொல்லில் ஊரை உள்ளே கொண்டுவாருங்கள். "சைக்கிள் கடைசில கிடைச்சுதா?" என்று பலரும் கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உங்கள் கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. அந்தச் சைக்கிள் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியாது என்றால், ஆறாம் பத்தியிலேயே அதை வெளிப்படையாக ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கடைசி வரை அதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்.

அம்மாவின் வாக்கியத்தை ஒன்பதாம் பத்தியிலேயே, அதே சொற்களில் விட்டுவிடுங்கள். ஆனால் அப்பா பெல்லைக் கழற்றியது ஏன் என்று நீங்கள் எங்குமே எழுதவில்லை. அதை அவரிடம் கேட்டுவிட்டு அடுத்த வரைவை அனுப்புங்கள்.